லண்டன் நம்பர் வேலை செய்யவில்லையா? முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள்

ஊருக்குப் போகும் நம்மவர்கள் அநேகமாக ஒரே போனில் இரண்டு சிம் போட்டிருப்பார்கள். ஊரில் வாங்கின சிம்மில் பேச்சும் இணையமும் ஓடும், லண்டன் சிம் ஓடிபி வருவதற்காக மட்டும் ஒரு மூலையில் கிடக்கும். அந்த மூலையில் கிடக்கிற சிம் செத்துப்போனால் வன்னியில் யாரும் பதறுவதில்லை, "இஞ்ச காட்டுப் பக்கம், சிக்னல் அப்படித்தான்" என்று விட்டுவிடுவோம்.

போன முறை ஒட்டுசுட்டானில் சின்னம்மா வீட்டில் நின்றபோது நாங்களும் அப்படித்தான் விட்டோம். அத்தானின் லண்டன் நம்பர் பின்னேரம் ஏழு மணியளவில் No Service காட்டியது. உள்ளூர் சிம்மில் வாட்ஸ்அப் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் அதைக் கணக்கெடுக்கவில்லை. மத்தியானம் "உங்கள் சிம் மாற்றக் கோரிக்கை கிடைத்தது" என்று ஒரு மெசேஜ் வந்ததையும் விளம்பரம் என்று நினைத்து அழித்திருந்தார். மறுநாள் காலை மாங்குளத்துக்கு வந்து ஏ9 வீதியில் நின்று பார்த்தால், என் லண்டன் சிம் வேலை செய்கிறது, அவருடையது இன்னும் செத்தபடி. என் போனிலிருந்து அவர் நம்பருக்கு அடித்தேன். மணி போனது. யாரோ எடுத்து, பேசாமலே வைத்தார்கள்.

நடந்தது இதுதான். அவருடைய பெயர், பிறந்த திகதி, முகவரி எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட ஒருவன் அவராக நடித்து, சிம் தொலைந்துவிட்டதாகச் சொல்லிப் புது சிம் வாங்கிவிட்டான். புது சிம் உயிர் பெறும்போது பழைய சிம் செத்துவிடும், நீங்கள் ஒட்டுசுட்டானில் நின்றாலும் ஒன்றுதான். வங்கியின் பாஸ்வேர்ட் முன்பே ஒரு போலி லிங்க்கில் போயிருந்தது, ஓடிபி மட்டும்தான் அவனுக்குத் தேவைப்பட்டது. இதில் மோசமான பக்கம், ஓடிபி மட்டுமல்ல, "இந்தப் பணத்தை அனுப்பியது நீங்கள்தானா?" என்று வங்கி கேட்கிற எச்சரிக்கையும் அவனுக்கே போகும். நீங்கள் வேறு வழியால் சொல்லாவிட்டால் வங்கிக்குத் தெரியாமலே போகலாம்.

அதனால் சிக்னல் பிரச்சினையா, சிம் திருட்டா என்று பார்க்கப் பத்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். போனை நிறுத்திப் போடுங்கள், ரோமிங் செட்டிங்கில் வேறு நெட்வேர்க்கைத் தெரிவு செய்து பாருங்கள், பிறகு இன்னொரு போனிலிருந்து உங்கள் நம்பருக்கு அடியுங்கள். யாராவது எடுத்தால் சந்தேகமே இல்லை. வொய்ஸ்மெயிலுக்குப் போனால் நிம்மதி அடைய வேண்டாம், அவன் போனை நிறுத்தி வைத்திருக்கலாம். சந்தேகம் இருந்தாலே வங்கிக்கு அடியுங்கள், பொய் எச்சரிக்கை என்று பிறகு தெரிந்தால் நட்டம் ஒன்றுமில்லை.

முதலில் வங்கி, அப்புறம்தான் போன் கொம்பனி. நம்பரை மீட்க நேரம் எடுக்கும், பணம் போக நிமிடங்கள் போதும். கார்ட்டின் பின்பக்கம் வெளிநாட்டிலிருந்து அடிக்க +44 இல் தொடங்கும் நம்பர் அநேகமாக இருக்கும். உள்ளூர் சிம்மில் ரீலோட் போட்டு அதற்கு அடியுங்கள். தெரியாத நம்பரிலிருந்து வருவதால் கூடுதல் கேள்விகள் கேட்பார்கள், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். "என் பதிவு நம்பர் வேறொருவர் கையில், அதற்கு ஓடிபி அனுப்பாதீர்கள், ஒன்லைன் கணக்கை முடக்குங்கள், புதிதாகச் சேர்த்த பெறுநர் யாரும் இருக்கிறார்களா பாருங்கள்" என்று தெளிவாகச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், பிரித்தானியாவில் 2017 ஆம் ஆண்டுக் கொடுப்பனவுச் சேவை விதிகளின்படி, உங்கள் அனுமதியில்லாமல் போன பணத்தில், நீங்கள் அறிவிப்பதற்கு முன்பு நடந்ததற்குக் கூடினால் 35 பவுண்தான் உங்கள் தலையில் விழும், அறிவித்த பிறகு நடந்ததற்கு எதுவுமில்லை. மோசடியோ பாரிய கவனக்குறைவோ உங்கள் பக்கம் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தெரிந்தும் தாமதித்தால் அதை வங்கி உங்களுக்கு எதிராகப் பேசலாம். அத்தானுக்கு இரவிலேயே இரண்டு கொடுப்பனவுகள் போய்விட்டன. மூன்றாவது வங்கியின் சோதனையில் நின்றது, நாங்கள் அடித்ததும் அதை நிறுத்தினார்கள். போன இரண்டும் விசாரணைக்குப் பிறகு திரும்பி வந்தன.

போனே தொலைந்தாலும் இதே வேலைதான். திரைப் பூட்டு இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வரும். அதைத் தடுப்பது சிம்முக்குப் போடுகிற பின் இலக்கம் மட்டும்தான், வெளிக்கிடுவதற்கு முன் செட்டிங்கில் போட்டுவிடுங்கள். வங்கி நம்பரையும் ஒரு தாளில் எழுதிச் சின்னம்மா போன்ற ஒருவரிடம் கொடுத்து வையுங்கள், தொலைந்த போனுக்குள் இருக்கிற நம்பரால் பிரயோசனமில்லை.

ஊர் வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். திரும்பிப் போன பிறகு ரீலோட் இல்லாமல் கிடக்கிற உள்ளூர் சிம் காலாவதியாகி, அந்த நம்பர் ஒருநாள் வேறொருவருக்கு விற்கப்படலாம். கணக்கில் அந்த நம்பர்தான் பதிவென்றால், விமானம் ஏறுவதற்கு முன் கடவுச்சீட்டோடு கிளைக்குப் போய் அதை மாற்றிவிடுங்கள்.