செம்மண்ணும் புல்லும் சேர்ந்து படிந்த வெள்ளைச் சீருடை: எதை முதலில் எடுப்பது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் பள்ளி மைதானம் என்றால் பெரும்பாலும் செம்மண் தரைதான். கோடையில் அங்கே புழுதி மட்டுமே இருக்கும். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் மைதானத்தின் ஓரங்களிலும் கோல் கம்பத்தைச் சுற்றியும் புல் முளைத்துவிடும். அந்த நாட்களில் வெள்ளைச் சீருடையில் விளையாடித் திரும்பும் பிள்ளையின் முழங்காலில் புல்லின் பச்சையும் மண்ணின் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியிருக்கும். தனித்தனியாக இருந்தால் இரண்டுமே போகக்கூடிய கறைகள்தாம். சேர்ந்திருக்கும்போது ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றைக் கெடுத்துவிடுகிறது என்பதால், எதை முதலில் செய்கிறோம் என்ற வரிசையே இங்கே முக்கியம்.

செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடிலிருந்து வருகிறது. எளிமையாகச் சொன்னால் அது ஒரு வகைத் துரு. அது தண்ணீரில் கரையாது, சோப்பிலும் கரையாது. களிமண்ணோடு கலந்த மிக நுண்ணிய துகளாகப் பருத்தி இழைகளுக்கு இடையே போய் உட்கார்ந்துகொள்கிறது. புல்லின் பச்சைக்குக் காரணமான பச்சையமும் தண்ணீரில் கரையாது. ஆனால் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். அதோடு புல்லின் சாற்றில் புரதமும் இருப்பதால், கொதிக்கும் நீரை முதலிலேயே ஊற்றினால் அந்தப் புரதம் உறைந்து கறையைத் துணியோடு பிணைத்துவிடும்.

தேவையான பொருட்கள் எல்லாம் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கும். மருந்துக் கடையில் நிறமற்ற சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு சிறிய புட்டியும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு புட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். பலசரக்குக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் தருவது சிட்ரிக் அமிலம். அதில் ஐம்பது கிராம் போதும். சலவைத்தூள் வாங்கும்போது உறையில் என்சைம் கலந்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றோடு ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், இரண்டு பழைய வெள்ளைத் துணிகள், ஒரு பிளாஸ்டிக் வாளி, கையுறை ஆகியவை இருந்தால் போதும்.

செய்முறையை ஓர் உண்மையான உடையை வைத்தே விளக்குகிறேன். எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுவன் பள்ளி அணியின் கோல்கீப்பர். மழை ஓய்ந்த ஒரு மாலை, பந்தைப் பிடிக்கச் சறுக்கி விழுந்ததில் அவனுடைய பருத்தி கலந்த வெள்ளை பேண்டின் இடது முழங்காலில் உள்ளங்கை அளவுக்குக் கறை. மேலே ஈரமான செம்மண், அதன் அடியில் புல் நசுங்கிய பச்சைக் கீறல்கள். அவனுடைய ஆச்சி உடனே சோப்பைத் தேய்க்கக் கிளம்பினார்கள். நல்லவேளையாக அவனுடைய அம்மா தடுத்துவிட்டார்.

முதல் படி: காயவிட்டு உதறுதல்

ஈர மண்ணைத் தேய்க்கக் கூடாது. தேய்க்கும் ஒவ்வொரு முறையும் மேலே நிற்கும் மண் இழைக்குள் இறங்கும். அந்த பேண்டை மழைக்கால ஈரத்தில் வெளியே காயப்போட முடியாததால், இரவு முழுவதும் மின்விசிறிக்குக் கீழே கொடியில் தொங்கவிட்டார்கள். காலையில் மண் வெளிறி, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும் நிலைக்கு வந்திருந்தது. பின்பக்கத்திலிருந்து விரலால் தட்டி உதறிவிட்டு, உலர்ந்த பிரஷால் ஒரே திசையில் துடைத்தபோது மண்ணில் பெரும்பகுதி தண்ணீரே படாமல் போய்விட்டது. பிறகே பச்சைக் கீறல்கள் தெளிவாகத் தெரிந்தன. உதிர்வது மண், உதிராமல் துணியோடு ஒட்டி நிற்பது புல் என்று இந்தக் கட்டத்திலேயே பிரித்தறியலாம்.

இரண்டாம் படி: பச்சைக்கு ஸ்பிரிட்

உலர்ந்த துணியில்தான் இதைச் செய்ய வேண்டும். துணி நனைந்திருந்தால் ஸ்பிரிட் நீர்த்துப்போய்ப் பச்சையத்தைக் கரைக்கும் வலுவை இழக்கும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றக்கூடியது, ஆகவே அடுப்பும் சாமி விளக்கும் இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கறைக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணியை மடித்து வைத்துவிட்டு, மற்றொரு துணியை ஸ்பிரிட்டில் நனைத்துக் கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பச்சை பரவிவிடும். அடியில் உள்ள துணியில் பச்சை இறங்குவது கண்ணுக்குத் தெரியும். இறங்கியதும் துணியின் புதிய பகுதியை அங்கே நகர்த்தி வைக்க வேண்டும். பச்சை இறங்குவது நிற்கும் வரை இதைத் திரும்பச் செய்யலாம். பள்ளியின் முத்திரையோ எண்ணோ அச்சிட்ட இடத்தில் ஸ்பிரிட் படக் கூடாது, சில வகை அச்சு அதில் கரைந்துவிடும். நிறப் பட்டை தைத்திருந்தால் உட்புறத் தையலில் ஒரு சொட்டு விட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படியை அமிலத்துக்கு முன்னதாக வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எலுமிச்சம்பழத்தை உப்போடு தேய்க்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டல்லவா? பச்சையத்தின் மூலக்கூறில் மெக்னீசியம் இருக்கிறது. அமிலம் பட்டால் அது வெளியேறி, பச்சை நிறம் மங்கி ஒலிவப் பழுப்பாக மாறிவிடுகிறது. பார்ப்பவர்களுக்கு அது துருக்கறை போலத் தோன்றும். பிறகு எந்தக் கறையோடு போராடுகிறோம் என்பதே குழம்பிவிடும்.

மூன்றாம் படி: ஊறவைத்துத் துவைத்தல்

ஸ்பிரிட் முழுவதும் ஆவியான பின், சாதாரண தொட்டித் தண்ணீரில் என்சைம் சலவைத்தூளைக் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். வெந்நீர் வேண்டாம். என்சைம் புல்லின் புரதத்தைச் சிதைக்கும், சலவைத்தூள் மிச்சமிருக்கும் களிமண்ணை இழையிலிருந்து விலக்கும். இங்கே ஆழ்துளைக் கிணற்று நீர் ஒரு தடை. நுரை எழாத கடின நீரில் உள்ள கால்சியம் களிமண்ணை இழையோடு பிணைத்து வைத்திருக்கும். மழைக்காலத்தில் முற்றத்துக் கூரையிலிருந்து விழும் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைக்கும் வழக்கம் இன்னும் உள்ள வீடுகளில், இந்தத் துவைப்புக்கு அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டால் வேறுபாடு கண்கூடாகத் தெரியும். ஊறிய பின் பிரஷால் மெதுவாகத் துலக்கி, அலசும் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள்.

நான்காம் படி: மிச்சச் சிவப்புக்கு அமிலம்

அலசி, நிழலில் உலர்த்தி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரத் துணியில் கறை இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது. அந்த முழங்காலில் பச்சை ஏறக்குறைய மறைந்து, இளஞ்சிவப்பு கலந்த ஒரு மங்கல் மட்டும் நின்றது. சலவையில் விலகாத இரும்பு அது.

ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி லெமன் சால்ட்டைக் கரைத்து, கறையுள்ள பகுதியை மட்டும் அதில் அமிழ்த்தி ஒரு மணி நேரம் வையுங்கள். கையைச் சிறிது நேரத்துக்கு மேல் வைக்க முடியாத சூடு போதும். சிட்ரிக் அமிலம் இரும்பைப் பற்றிக் கரைசலுக்குள் இழுத்துக்கொள்ளும், ஆனால் அது மெல்லத்தான் நடக்கும். சிவப்பு மங்கி மஞ்சளாக மாறினால் வேலை நடக்கிறது என்று பொருள். புதிய கரைசலில் மறுபடியும் வைக்கலாம். பித்தளைப் பாத்திரமோ அலுமினியமோ வேண்டாம், பிளாஸ்டிக் வாளியே சரி. வாளியை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்துச் செய்யாதீர்கள். அந்தக் கல்லின் மேற்பரப்பு சிமெண்டால் ஆனது. அமிலம் சிந்தினால் மெருகு போய் வெள்ளைத் திட்டு விழும், பிறகு வீட்டில் உள்ளவர்களுக்குப் பேண்டைவிடத் தரைதான் பெரிய கவலையாகிவிடும்.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் கை நீட்டுவது பிளீச்சை நோக்கித்தான். குளோரின் பிளீச் இரும்புத் துருவை நீக்காது. மாறாக மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஊன்றச் செய்துவிடும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, லெமன் சால்ட் கலந்த நீரில் பிளீச் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். ஸ்பிரிட்டோடும் அதைச் சேர்க்கக் கூடாது. இந்த வேலை நடக்கும் நாளில் பிளீச் புட்டியை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது.

ஐந்தாம் படி: தேவைப்பட்டால் மட்டும் பெராக்சைடு

இரும்பு போன பிறகும் வெளிர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஏதேனும் தெரிந்தால், அது பெரும்பாலும் புல்லின் எச்சம். புட்டியில் 6 சதவீதம் என்று இருந்தால் அதே அளவு தண்ணீர் சேர்த்துப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். கையுறை அணிந்து, பஞ்சால் அந்த இடத்தை நனைத்து, நிழலில் இருபது நிமிடம் வைத்துவிட்டு நன்றாக அலசுங்கள்.

ஆனால் அமிலமும் இரும்பும் முழுமையாக அலசப்பட்ட பிறகே இதைச் செய்யலாம். துணியில் இரும்பு மிச்சமிருந்தால், பெராக்சைடு அந்த இடத்தில் வேகமாகச் சிதைந்து பருத்தி இழையையே அரிக்கும். அன்றைக்கு வெள்ளையாகத் தெரியும் முழங்கால் சில துவைப்புகளுக்குப் பிறகு நொய்ந்து கிழியும். புதிய சீருடை ஒரே பருவத்தில் முழங்காலில் ஓட்டை விழுவதற்கு விளையாட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. பெராக்சைடு பட்டதும் ஓரிடத்தில் மட்டும் வேகமாக நுரைத்தால் உடனே அலசிவிட்டு, நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

அந்தக் கோல்கீப்பரின் பேண்டுக்குப் பெராக்சைடு தேவைப்படவில்லை. லெமன் சால்ட்டில் இரண்டாவது முறை வைத்ததோடு சிவப்பு போய்விட்டது. ஆனாலும் சாய்வாகப் பார்த்தால் முழங்காலில் சாம்பல் நிறம் போன்ற ஒரு சாயல் தெரிகிறது. அது கறையல்ல, தரையில் உரசியதால் இழை பஞ்சு பிரிந்து நிற்கும் இடம். அதற்கு எந்த மருந்தும் வேலை செய்யாது. தொடர்ந்து தேய்த்தால் அந்த இடம் இன்னும் மெலியும்.

கறை முழுவதும் போனது உறுதியாகும் வரை இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டுவர வேண்டாம். ஏற்கெனவே இஸ்திரி போட்டுப் பல வாரமான பச்சைக் கறையும் ஸ்பிரிட்டுக்கு ஓரளவு இணங்கும், ஆனால் முழுவதும் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. சொட்டு நீலத்தைக் கடைசி அலசலில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். துணியின் பொதுவான மஞ்சளை அது மறைத்துக் காட்டும். திட்டாக நிற்கும் சிவப்பையோ பச்சையையோ மறைக்காது.