வேலைக்கு வர முடியாத நாளில் யாரிடம், எத்தனை மணிக்குள் சொல்வது? விதி எழுதும் முறை

சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக் கம்பெனி ஒன்றில் கிராணியாக இருக்கிறேன். 18 பேர் வேலை செய்கிறோம், அதில் 9 பேர் ஓட்டுநர்கள். இதற்கு முன் நான் இருந்த இடத்தில் லீவு விதி ஒரே வரிதான்: "வேலைக்கு வர முடியாதவர்கள் முன்கூட்டியே மேற்பார்வையாளரிடம் தெரிவிக்க வேண்டும்." முதல் நாள் இரவே சக ஓட்டுநரிடம் சொல்லிவிட்டுப் படுத்தவர், தான் முன்கூட்டியே சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தார். மேற்பார்வையாளருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை. டாக்டர் எம்.சி. கையில் இருந்தும் அவருக்கு ஒரு நாள் சம்பளம் போனது. தவறு அவருடையதல்ல, அந்த வரியுடையது.

உடம்பு சரியில்லாமலோ, வீட்டில் திடீரென்று ஏதாவது ஆகியோ வர முடியாமல் போகும் நாளுக்கான விதியை எப்படி எழுதுவது என்று மட்டும் இங்கே பார்ப்போம். முன்பே கேட்டு எடுக்கும் வருடாந்திர விடுப்புக்குத் தனி விதி வேண்டும். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால், காய்ச்சலில் கிடப்பவர் மூன்று நாளுக்கு முன்பே லீவு பாரம் கொடுத்திருக்க வேண்டும் என்று அர்த்தமாகிவிடும்.

முதலில் நேரம்

நேரத்தை மனம்போன போக்கில் வைக்காதீர்கள். மாற்று ஆள் பிடிப்பவரோடு உட்கார்ந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். எங்கள் லோரி காலை 7:00 மணிக்குக் கிளம்ப வேண்டும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். தாமதமானால் பழத்தில் கொழுப்பு அமிலம் கூடி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். மாற்று ஓட்டுநருக்கு ஜி.டி.எல். லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பதால் கண்ணில் பட்டவரை ஏற்றிவிட முடியாது. அப்படி ஒருவரைப் பிடிக்க 20 நிமிடம், அவர் கிளம்பி வந்து சேர 40 நிமிடம், கூடுதலாக ஒரு 15 நிமிடம். ஆக, எங்களுக்கு 5:45.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அந்த அவசரம் இல்லை. 8:30க்கு வேலை தொடங்கும் கணக்கருக்கு 8:15 போதும். எல்லோருக்கும் ஒரே நேரம் வைப்பதுதான் நியாயம் என்று சிலர் சொல்வார்கள். காரணம் இல்லாமல் ஒருவரை விடியற்காலையில் எழுப்பும் விதியை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

அப்புறம் யாரிடம்

ஆளின் பெயரை எழுதாமல் பதவியை எழுதுங்கள், ஆள் மாறினாலும் விதி நிற்கும். எண்ணும் கம்பெனி போனின் எண்ணாக இருக்கட்டும். அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்பதையும் சேருங்கள். பலர் விடுவது இந்த இடத்தைத்தான். நாங்கள் எழுதியது இது:

"ஓட்டுநர்கள் காலை 5:45 மணிக்குள் யார்டு சூப்பர்வைசருக்குப் போன் செய்ய வேண்டும். அவர் எடுக்காவிட்டால் அதே எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டு, கிராணிக்குப் போன் செய்ய வேண்டும். பேச முடியாத நிலையில் இருந்தால் குடும்பத்தார் சொல்லலாம். சக ஊழியரிடமோ வாட்ஸ்அப் குழுவிலோ மட்டும் சொல்வது போதாது."

குழுவை ஏன் ஒதுக்கினோம் என்றால், காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் செய்தி காணாமல் போய்விடும். ஒருவரின் நோய் 18 பேருக்கும் தெரிய வேண்டியதும் இல்லை. அதனால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சுருக்கமாக எழுதினோம்: பெயர், இன்று வரவில்லை என்பது, உடல்நலமா வேறு காரணமா, எப்போது திரும்ப முடியும். நோயின் பெயரைக் கேட்பதில்லை.

இரண்டு கடிகாரங்களைக் கலக்காதீர்கள்

புதிதாக எழுதுபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. 5:45 என்பது நாம் வைத்த நேரம். சட்டம் வைத்த நேரம் வேறு. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு, மருத்துவ விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும் என்கிறது. முறையான எம்.சி. இருந்து, இதையும் செய்திருந்தால் அது சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்புதான்.

ஒரு வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநருக்கு விடிய விடியக் காய்ச்சல். அசந்து தூங்கி 6:40க்குத்தான் போன் செய்கிறார். 10 மணிக்கு கம்பெனி கிளினிக்கில் எம்.சி. வாங்கிப் படம் அனுப்புகிறார். நம் நேரம் தவறியது, சட்டத்தின் நேரம் தவறவில்லை. அவர் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. தாமதமாகச் சொன்னதற்கு என்ன காரணம் என்று கேட்கலாம், திரும்பத் திரும்ப நடந்தால் எச்சரிக்கைக் கடிதம் தரலாம். "5:45க்குப் பிறகு சொன்னால் சம்பளம் இல்லை" என்று எழுதியிருந்தால் அந்த வரி சட்டத்தோடு மோதியிருக்கும். ஆகவே எங்கள் விதியில் இப்படி எழுதினோம்:

"நேரம் கடந்து சொன்னாலும் சொல்லுங்கள். தாமதம் தனியாக விசாரிக்கப்படும். எம்.சி. உள்ள மருத்துவ விடுப்பு, 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்கப்பட்டிருந்தால், தாமதத்தால் ரத்தாகாது."

இந்த வரி வந்தபின் ஒரு நல்லது நடந்தது. 5:45ஐத் தவறவிட்டவர்கள் இனிச் சொல்லி என்ன பயன் என்று போனை அணைத்துவிடுவது நின்றுபோனது.

தகவலே இல்லாவிட்டால்

இங்கே நாம் என்ன செய்வோம் என்பதை எழுத வேண்டும், ஊழியர் கடமையை மட்டுமல்ல. முதல் நாள் காலை 8 மணிக்கு நாங்கள் அவருக்குப் போன் செய்கிறோம். கிடைக்காவிட்டால் அவசரத் தொடர்புக்குக் கொடுத்த எண்ணுக்கு அடிக்கிறோம். ஒவ்வொரு அழைப்பின் நேரத்தையும் புத்தகத்தில் குறிக்கிறோம். மோட்டார் சைக்கிளில் வரும் வழியில் விழுந்து கிடக்கிறாரோ என்பதுதான் அப்போது முதல் கவலை.

சட்டத்தின் 15(2) பிரிவுப்படி, அனுமதி இல்லாமல் தொடர்ந்து 2 வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார். ஆனால் நியாயமான காரணம் இருந்து, அதைத் தெரிவித்திருந்தால் அல்லது தெரிவிக்க முயன்றிருந்தால் இது பொருந்தாது. நாளை எண்ணும்போது கவனம் தேவை. எங்களுக்கு ஞாயிறு ஓய்வு நாள். வெள்ளி, சனி வரவில்லை என்றால் இரண்டு நாள்தான், ஞாயிறு கணக்கில் வராது. திங்களும் வராவிட்டால்தான் மூன்றாவது வேலை நாள். அன்று வீட்டு முகவரிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போகிறது. அவர் பதில் சொல்ல வாய்ப்புத் தந்து விசாரிக்காமல் வேலைநீக்கக் கடிதம் போகக் கூடாது. "3 நாள் வராவிட்டால் தானாக வேலை போய்விடும்" என்று சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளைப் பார்த்திருக்கிறேன். 'முயன்றிருந்தால்' என்ற சொல்லையும் விசாரணையையும் அவை விட்டுவிடுகின்றன.

ஒட்டுவதற்கு முன்

எழுதியதைத் தமிழிலும் மலாயிலும் ஒரே பக்கத்துக்குள் அடக்குங்கள். பிறகு விதி எழுதும்போது கூட இல்லாத ஒரு ஓட்டுநரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். "அண்ணே, விடியற்காலை மூன்று மணிக்குப் பிள்ளைக்கு வலிப்பு, ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள். சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை. இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். எங்கள் அண்ணன் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிராணிக்கு அடிக்கணும், சரி. ஆனா உன் நம்பர் இதுல இல்லையேம்மா?" என்றார். அன்றே இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் தாளின் தலையில் போட்டோம்.