செஸ் புரோகிராமுக்கு 'ஈஸி' லெவல் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரில ஞாயித்துக்கிழமை செஸ் கிளாஸ் எடுக்கிறேன், கூடவே என்ஜின் கோடு நோண்டுற பழக்கமும் உண்டு, அதனால காலேஜ் பசங்க ப்ராஜெக்ட்டுக்கு செஸ் புரோகிராம் எழுதினா "அண்ணா, ஒரு கேம் ஆடிப் பாருங்க"ன்னு லேப்டாப்ப தூக்கிட்டு வந்துடுவாங்க. ஹார்ட் லெவல் எல்லாருக்கும் நல்லாத்தான் வருது. ஈஸி லெவல்தான் ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரி சொதப்புது. குதிரை தப்பா நகருது, காஸ்லிங் வேல செய்யல மாதிரி பக்-ஐயெல்லாம் நீங்களே கண்டுபிடிச்சுக்குவீங்க, அத விடுங்க.

அஞ்சு நகர்வுக்கு ஒரு ரேண்டம் நகர்வு

எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வர்ற தப்பு இதுதான். நல்ல என்ஜின எடுத்து, 20 சதவீதம் நேரம் சட்டப்படி ஆடக்கூடிய நகர்வுல ஏதோ ஒண்ண குத்துமதிப்பா எடுத்து ஆடுன்னு எழுதிடறாங்க. கேட்டா "அதான் ஈஸி லெவல்ண்ணா".

மிடில் கேம்ல ஒரு பொசிஷனுக்கு முப்பது, நாப்பது நகர்வு இருக்கும், அதுல நிறைய ஏதாவது ஒரு காயை சும்மா தூக்கிக் குடுக்கிற நகர்வு. அப்ப என்ன ஆகுது, நாலு நகர்வு கிராண்ட்மாஸ்டர் மாதிரி ஆடுது, அஞ்சாவதுல ராணிய நடுரோட்டுல விட்டுட்டு ஓரத்து சிப்பாய ஒரு கட்டம் தள்ளுது. புதுசா ஆடுற மனுஷன் அப்படி ஆடவே மாட்டான். நீங்க அவன் பிஷப்ப வெட்டினா அவன் முதல்ல பாக்குறதே திருப்பி வெட்ட முடியுமான்னுதான். ரேண்டம் நகர்வுக்கு வெட்டினதே தெரியாது.

என் கிளாஸ்ல ஒரு பையன் இப்படிப்பட்ட ஒரு ஆப்ல வீட்ல விடாம ஆடி, தினமும் ஜெயிச்சிட்டு வந்து சொல்லுவான். அவன் கேம்ஸ எடுத்துப் பாத்தா ஒரு பிளானும் கெடையாது, காயைப் பத்திரமா வச்சிட்டு அந்தப் பக்கம் பரிசு விழுறதுக்காகக் காத்துட்டு இருக்கான். அப்புறம் தர்மபுரில ஒரு டோர்னமென்ட்ல எதிராளி எதையும் சும்மா குடுக்கல, பாவம், இவனுக்கு பதினஞ்சாவது நகர்வுக்கு மேல என்ன பண்றதுன்னே தெரியல. அவங்க அம்மா "வீட்ல நல்லா ஜெயிக்கிறானே சார்"னு கேட்டாங்க, அவங்ககிட்ட ரேண்டம் நம்பர பத்தி என்னத்த சொல்றது.

சரி, ஸ்டாக்ஃபிஷ்ங்கிற செஸ் என்ஜின் இதையே எப்படிப் பண்ணுதுன்னு பாருங்க. அதுல `Skill Level` 0லேருந்து 20 வரைக்கும். 20க்குக் கீழ வச்சா குறைஞ்சது நாலு நல்ல நகர்வுக்கு மார்க் போட்டு வச்சுக்கும், அந்த நாலுக்கு வெளிய போகவே போகாது. எந்த டெப்த்ல, அதாவது எத்தனை அரை நகர்வு முன்னாடி வரைக்கும் பாத்து எடுக்கிறதுங்கிறது லெவலோட ஒண்ணு கூட்டினது, அதாவது லெவல் 3னா டெப்த் 4ல பாத்த மார்க்க வச்சு எடுக்கும். எதை எடுக்கிறதுங்கிறதுக்கு ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு போனஸ் மார்க் போட்டு, கூட்டினதுல எது பெருசோ அதை ஆடும்:

```
weakness = 120 - 2 * level
push = (weakness * (top - score) + delta * r) / 128
```

`top` மார்க் வரிசைல முதல் நகர்வோட மார்க், `score` அந்தந்த நகர்வோட மார்க், `r` 0லேருந்து weakness-க்கு ஒண்ணு கம்மி வரைக்கும் ரேண்டம். `delta` முதல் நகர்வுக்கும் கடைசி நகர்வுக்கும் உள்ள வித்தியாசம், ஆனா ஒரு சிப்பாய் மதிப்புக்கு மேல போகாது.

ஒரு சிப்பாய் 100ன்னு வச்சுக்கிட்டு கணக்குப் போடுவோம். நாலு நகர்வோட மார்க் +40, +25, +5, -180. லெவல் 0ல weakness 120. நாலாவது நகர்வு 220 பின்தங்கி இருக்கு, அதுக்கு மட்டும் 206 போனஸ் விழுது, -180 இப்ப 26 ஆயிடுச்சு, மேல `r` சேந்தா 119 வரைக்கும் போகும். முதல் நகர்வு 40லேருந்து 133 வரைக்கும். பாத்தீங்களா, கிட்டத்தட்ட ஒரே லைன்ல நிக்குது, மோசமான நகர்வு அடிக்கடி வரும். லெவல் 10ல weakness 100, நாலாவது நகர்வு -8லேருந்து 69, முதலாவது 40லேருந்து 117, அப்பப்ப தான் மாட்டும். லெவல் 19ல நாலாவதுக்கு அதிகபட்சம் 24, முதலாவதுக்குக் குறைஞ்சதே 40. வரவே வராது. தப்பு அதே தப்புதான், லெவல் ஏற ஏற பெரிய தப்பு முதல்ல காணாமப் போகுது, சின்ன தப்பு மட்டும் மிஞ்சுது. மனுஷனும் அப்படித்தானே தேறுறான்.

இதுக்கும் ஒரு குறை இருக்கு. ஒரே நகர்வுல செக்மேட் இருந்தா அதோட மார்க் முப்பதாயிரத்துக்கு மேல, மத்த நகர்வு எவ்ளோ போனஸ் வாங்கினாலும் 128ல வகுக்கிறதால எட்டாது, அதனால லெவல் 0 கூட அந்த மேட்ட விடாது. ஆனா சும்மா நிக்கிற ராணிய சில சமயம் விட்டுடும். குழந்தைங்களுக்கு ஆப் பண்றவங்க இந்த எடத்துல சொந்தமா ஒரு கண்டிஷன் சேத்துக்கிறது நல்லது.

டெப்த்த வெட்டினா போதும்னு நெனைக்கிறது

டெப்த் வெட்டுறது ரேண்டம விட மேல், ஏன்னா அதுல வர்ற தப்பு மனுஷத்தனமா இருக்கும். இந்தப் பழைய பொறியப் பாருங்க:

```
1. e4 e5 2. Nf3 Nc6 3. Bc4 Nd4 4. Nxe5 Qg5 5. Nxf7 Qxg2 6. Rf1 Qxe4+ 7. Be2 Nf3#
```

அஞ்சாவதுல குதிரை f7ல ஏறி ராணியையும் யானையையும் ஒண்ணா மிரட்டுது, பாத்தா ஆசையா இருக்கும். மேட் வர்றது அதோட சேத்து ஆறாவது அரை நகர்வுல. டெப்த்னா அரை நகர்வு கணக்கு, வெள்ளை ஒண்ணு கறுப்பு ஒண்ணு ஆடினா ரெண்டு. டெப்த் 3ல நிறுத்தினா என்ஜின் அந்த மேட்ட பாக்காது, கிளாஸுக்கு வர்ற பொடியனும் பாக்க மாட்டான்.

ஆனா டெப்த் 1ன்னு வச்சுட்டா ஈஸி ஆயிடும்னு நம்பாதீங்க. நல்ல என்ஜின் டெப்த் முடிஞ்ச எடத்துல சட்டுனு நிக்காது, வெட்டு நடந்துட்டே இருந்தா அது அடங்குற வரைக்கும் போய்ப் பாத்துட்டுதான் மார்க் போடும், அதனால டெப்த் 1ல கூட சும்மா நிக்கிற காயை விடாம வெட்டித் தூக்கும், புதுசா கத்துக்கிற புள்ள நொந்துடும். அதுக்காக அந்த வெட்டுத் தேடலையே எடுத்துடறவங்க இருக்காங்க, அது இன்னும் கேவலம். டெப்த் 1ல காவல் இருக்கிற சிப்பாய ராணிய வச்சு வெட்டும், ஏன்னா வெட்டினதோட கணக்கு முடிஞ்சுது, ஒரு சிப்பாய் லாபம், அடுத்து ராணி போறது அதுக்குத் தெரியாது. வெட்டுத் தேடல வச்சுக்கிட்டே டெப்த்த குறைங்க, மேல சொன்ன மாதிரி நகர்வு எடுக்கிறதுல தப்பச் சேருங்க, ரெண்டும் சேந்தாதான் லெவல்.

விநாடிய வச்சு லெவல்

வேணாம். `go movetime 100` உங்க புது லேப்டாப்ல ஒரு பலம், கிளாஸ்ல கெடக்கிற பழைய சிஸ்டம்ல வேற பலம். `go depth 4` இல்ல `go nodes 2000`ன்னு குடுங்க.

UCI_Elo-வ 800க்கு இறக்கப் பாக்குறது

UCI_Elo-ங்கிறது என்ஜினோட பலத்த ரேட்டிங் நம்பரா குடுக்கிற ஆப்ஷன். 800க்கு இறங்காது. இப்ப இருக்கிற ஸ்டாக்ஃபிஷ்ல குறைஞ்சது 1320.