ஸ்லாக் எல்லாம் ஒன்றல்ல: சாலையிலும் சிமெண்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஃகு ஆலைக் கசடு என்று கேட்டால் லாரியில் வந்து இறங்குவது எந்த ஸ்லாக் என்று பலர் பார்ப்பதே இல்லை. பெரும்பாலான தவறுகளும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

ஒரே ஆலையில் இரண்டு இடங்களில் கசடு பிறக்கிறது. இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலையில் வருவது ஒன்று. அந்த இரும்பை எஃகாக்கும் எல்.டி. உலையில் வருவது இன்னொன்று. ஊதுலைக் கசடு உருகிய நிலையில் இருக்கும்போதே வேகமான தண்ணீரால் அடித்துக் குளிர்விப்பார்கள். படிகமாகச் சேர நேரம் கிடைக்காமல் அது கண்ணாடித்தன்மையோடு, வெளிறிய மணல் போல உதிர்ந்து நிற்கும். இதை நைசாக அரைத்தால் சிமெண்டோடு சேர்ந்து தானும் இறுகும். ஸ்லாக் சிமெண்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 455 இதை 25 முதல் 70 சதவீதம் வரை சேர்க்க அனுமதிக்கிறது. ஆனால் அதே ஊதுலைக் கசடைக் குழியில் கொட்டித் தானாக ஆறவிட்டால் அது வெறும் கல். ஜல்லியாகப் போடலாம், அரைத்துச் சிமெண்டில் கலந்தால் பலன் இல்லை.

எல்.டி. ஸ்லாக் கறுத்து, கனமாக இருக்கும். நல்ல உறுதி, நல்ல முனைகள், ரோலர் போட்டால் அழகாகப் பூட்டிக்கொள்ளும். பார்த்ததும் பிடித்துப்போகும் பொருள்தான். ஒரு கல்லை உடைத்துப் பாருங்கள்: உள்ளே ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், அது உலையில் போட்டுக் கரையாமல் மீந்த சுண்ணாம்பாக இருக்கலாம். ஈரம் பட்டால் அது நீறும். வெள்ளையடிக்கச் சுட்ட சுண்ணாம்பை நீற்றியவர்களுக்கு அது எப்படிப் பொங்கும் என்று தெரியும்.

கணக்குப் போட்டே பார்ப்போம். நீறாத சுண்ணாம்பு 4 சதவீதம் உள்ள ஸ்லாக்கை, கன மீட்டருக்கு 2.4 டன் வரும்படி இறுக்குகிறோம். அந்த ஒரு கன மீட்டரில் சுமார் 96 கிலோ சுண்ணாம்பு, அதாவது 29 லிட்டர். நீறினால் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகி 57 லிட்டர் ஆகிவிடும். கூடுதல் 28 லிட்டர். கற்களுக்கு நடுவே உள்ள காலியிடம் அதில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். அப்படி வாங்காமல் முழுவதும் மேல்நோக்கியே தள்ளினால், 250 மில்லிமீட்டர் அடுக்கு 7 மில்லிமீட்டர் எழும்பும். தார்ச்சாலையில் இது மேடும் விரிசலுமாகத் தெரியும். கிடங்குத் தரைக்கு அடியில் என்றால் கான்கிரீட்டையே தூக்கிப் பிளந்துவிடும். அதனால் கட்டடத் தரைக்கு அடியில் எல்.டி. ஸ்லாக் நிரப்பவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

சாலைக்குப் போடலாம், ஆனால் முதலில் நீற வைக்க வேண்டும். இங்கேதான் அடுத்த தவறு. "ஆறு மாசம் யார்டில் கிடந்த சரக்கு சார்" என்று சொல்வார்கள். உயரமான குவியலில் மழை நனைப்பது மேல்பகுதியைத்தான். உள்ளே இருப்பது காய்ந்தே கிடக்கும். தாழ்வாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, அவ்வப்போது புரட்டிப் போட்ட குவியலுக்குத்தான் அந்த மாதக் கணக்கு பொருந்தும். ஜப்பானில் நீராவி செலுத்தி இந்த வேலையைச் சில நாட்களிலேயே முடிக்கிறார்கள். எப்படிப் பதப்படுத்தினாலும், விரிவுச் சோதனை அறிக்கை இல்லாமல் சரக்கை எடுக்காதீர்கள். ஜப்பானியத் தரத்தில் 80 டிகிரி வெந்நீரில் வைத்துப் பார்க்கும்போது விரிவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டக்கூடாது. கசடில் மெக்னீசியாவும் இருந்தால் அது இன்னும் மெதுவாக நீறும், சாலை திறந்து பல மாதம் கழித்துக்கூட.

சூரத் அருகே ஹசீராவில் 2022-இல் திறந்த ஆறுவழி எஃகு ஸ்லாக் சாலையைக் காட்டி "அங்கே போட்டார்களே" என்பவர்கள், அங்கே போனது ஆலையில் பதப்படுத்திய ஸ்லாக் ஜல்லி, அதுவும் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டுதலோடு, என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எல்.டி. ஸ்லாக்கை அரைத்துச் சிமெண்டில் கலப்பதும் இதே வகைத் தவறு. இறுகிய கான்கிரீட்டுக்குள் அந்தச் சுண்ணாம்பு நீறினால் போக இடமே கிடையாது. சிமெண்ட் ஆலையில் சூளைக்குள் போகும் மூலப்பொருளோடு கொஞ்சம் சேர்ப்பது வேறு விஷயம். அங்கே அது மறுபடி உருமாறிவிடுகிறது. கான்கிரீட் ஜல்லியாகவும் எல்லை உண்டு: ஐ.எஸ். 383-இன் 2016 பதிப்பு எஃகு ஸ்லாக்கைக் கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரைதான் விடுகிறது, கம்பி போட்ட கான்கிரீட்டில் அறவே இல்லை.

அப்புறம் தண்ணீர். ஸ்லாக் அடுக்கின் வழியாகக் கசியும் நீர் சுண்ணாம்பு நீர் போலக் காரமானது. காற்றுப் பட்டதும் வடிகால் குழாயின் வாயில் வெள்ளைப் படிவமாகக் கட்டி, நாளடைவில் அடைத்துவிடும். குழாய் அடைந்தால் தண்ணீர் அடுக்குக்குள்ளேயே தேங்கி, மிச்சமிருக்கும் சுண்ணாம்பையும் நீற வைக்கும். கிணறு, குளம் பக்கத்தில் இதைப் போடாமல் இருப்பதே சரி. மற்ற இடங்களில் மழைக்காலம் முடிந்ததும் வடிகால் வாயைப் போய்ப் பாருங்கள். வெள்ளை கட்டியிருந்தால் உடனே சுரண்டி எடுத்துவிடுங்கள்.