வீட்டு பிபி மெஷினில் 186/104 காட்டினால் என்ன செய்வது?

கையில் கட்டும் டிஜிட்டல் பிபி மெஷின் இப்போது நிறைய வீடுகளில் இருக்கிறது. பட்டனை அமுக்கினால் எண் வந்துவிடும். அந்த எண்ணை நம்பலாமா, அதைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா என்பதில்தான் குழப்பம். முழங்கைக்கு மேலே கட்டும் மெஷினை வைத்து இங்கே பார்ப்போம். மணிக்கட்டில் கட்டுவது கை கொஞ்சம் இறங்கினாலும் ஏறினாலும் வேறு எண் காட்டும். புதிதாக வாங்குபவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

திரையில் இருக்கும் மூன்று எண்கள்

மேலே SYS. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது ரத்தக்குழாயில் இருக்கும் அழுத்தம் இது. அதன் கீழே DIA. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இதயம் தளர்ந்திருக்கும்போது உள்ள அழுத்தம். கடைசியில் PUL, அதாவது நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பது. 128, 78, 72 என்று வந்தால் பிபி 128/78, பல்ஸ் 72. சிலர் பதற்றத்தில் பல்ஸ் எண்ணை கீழ் பிபி என்று படித்துவிடுகிறார்கள். போனில் டாக்டரிடம் சொல்லும்போது எழுத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மெஷின் உண்மையில் செய்வது என்னவென்று தெரிந்தால், எங்கே தப்பு வரும் என்பதும் புரியும். கஃப், அதாவது கையில் சுற்றிய பட்டை, காற்றால் உப்பி ரத்தக்குழாயை அமுக்குகிறது. பிறகு காற்று மெதுவாக இறங்கும்போது, ரத்தக்குழாயின் துடிப்பு கஃபுக்குள் மெல்லிய அதிர்வாகத் தெரிகிறது. அந்த அதிர்வுகளை வைத்து மெஷின் மேல், கீழ் எண்களைக் கணக்கிடுகிறது. அதனால் கையை ஆட்டினாலும், பேசினாலும், விரலை மடக்கினாலும் அந்த அசைவும் கணக்கில் கலந்துவிடும்.

அளக்கும் முறை

முதலில் கஃபின் அளவு. மேல் கையின் நடுப்பகுதியைத் தையல் டேப்பால் சுற்றி அளந்து பாருங்கள். மெஷினோடு வரும் சாதாரண கஃப் பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைக்குத்தான். எவ்வளவு என்று கஃபிலேயே அச்சிட்டிருக்கும். கை 35 செ.மீ. இருப்பவருக்கு இதை இழுத்துக் கட்டினால் இல்லாத பிபியை இருப்பதாகக் காட்டும். பெரிய கஃப் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். மெலிந்த கையில் பெரிய கஃப் கட்டினால் இதற்கு நேர்மாறாக எண் குறையும்.

அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, சிகரெட், நடைப்பயிற்சி எதுவும் வேண்டாம். சிறுநீர் வந்தால் போய்விட்டு வாருங்கள். அடக்கி வைத்திருந்தாலும் பிபி ஏறும்.

முதுகு சாய்கிற நாற்காலியில் உட்காருங்கள். கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்காரக்கூடாது. இரண்டு பாதங்களும் தரையில் படிய வேண்டும், கால் மேல் கால் போடக்கூடாது. கையை மேஜை மேல் நீட்டி வையுங்கள். கஃப் நெஞ்சின் நடு மட்டத்துக்கு வர வேண்டும், தாழ்வாக இருந்தால் கைக்கு அடியில் தலையணை வைக்கலாம். இதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். கை இதய மட்டத்தை விட 10 செ.மீ. இறங்கியிருந்தால் எண் சுமார் 8 வரை கூடிவிடும். மடியில் கையைப் போட்டு அளக்கும் பலருக்கு வீட்டில் பிபி எப்போதும் கூடவே காட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கஃபைத் துணி மேல் கட்டாமல் வெறும் கையில் கட்டுங்கள். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கயிறு மாதிரி இறுக்கும், அதற்குப் பதில் அந்தக் கையைச் சட்டையிலிருந்து வெளியே எடுத்துவிடலாம். கஃபின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்பிலிருந்து இரண்டு விரல் அளவு மேலே இருக்க வேண்டும். டியூப் உள்ளங்கைப் பக்கமாக, நடுவிரலை நோக்கி இறங்க வேண்டும். கட்டிய பிறகு ஒரு விரல் உள்ளே நுழைந்தால் இறுக்கம் சரி. டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா வைத்த கையிலும், மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கையிலும் டாக்டரைக் கேட்காமல் கட்ட வேண்டாம்.

இப்படியே ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். டிவியை நிறுத்துங்கள். பிறகு பட்டனை அமுக்கி, எண் வரும்வரை பேசாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் ஒருமுறை. இரண்டையும் எழுதி வையுங்கள். முதல் எண் கொஞ்சம் கூடுதலாக வருவது வழக்கம்தான்.

முதல் நாள் மட்டும் இரண்டு கையிலும் அளந்து பாருங்கள். எந்தக் கையில் கூடுதலோ, அதிலேயே தொடர்ந்து அளக்க வேண்டும். இரண்டு கைக்கும் மேல் எண்ணில் 10-க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

திரையில் Err வந்தால் பயப்பட வேண்டியதில்லை. கை அசைந்திருக்கும், கஃப் தளர்ந்திருக்கும், டியூப் சரியாகச் செருகப்படாமல் காற்று கசிந்திருக்கும், இல்லையென்றால் பேட்டரி தீர்ந்திருக்கும். கஃப் உப்புவதற்கு வழக்கத்தை விட நேரம் எடுத்தால் பேட்டரியை முதலில் மாற்றிப் பாருங்கள். எண்ணோடு சேர்ந்து சீரற்ற துடிப்புக்கான இதயக் குறி வந்தால் அளந்தபோது துடிப்பு ஒழுங்காக இல்லை என்று மெஷின் சொல்கிறது. அசைவினாலும் அது வரும். ஒழுங்காக உட்கார்ந்து அளக்கும்போதும் அடிக்கடி வந்தால் ஒரு இசிஜி எடுத்துப் பார்ப்பது அவசியம். துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு பிபி எண்ணும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி வரும். அவர்கள் மூன்று முறை அளந்து சராசரி எடுக்கலாம்.

ஒரு உதாரணம்

58 வயது அம்மா ஒருவர். பிபி மாத்திரை சாப்பிடுகிறார். ரேஷன் கடையிலிருந்து பையைத் தூக்கி வந்து, மாடி ஏறி, கட்டிலில் உட்கார்ந்ததும் மகன் மெஷினைக் கட்டுகிறான். 186/104. வீடே பதறுகிறது.

இங்கே முதலில் எண்ணை விட்டுவிட்டு ஆளைக் கேட்க வேண்டும். “அம்மா, நெஞ்சு வலிக்குதா? மூச்சு வாங்குதா? கை கால் மரத்துப் போச்சா? கண்ணு மங்கலா தெரியுதா?” அவர் தெளிவாகப் பேசுகிறார், எதுவும் இல்லை என்கிறார். அப்படியானால் அவசரம் இல்லை. நாற்காலியில் உட்கார வைத்து, பத்து நிமிடம் விட்டு, மேலே சொன்னபடி அளந்தால் 164/92, அடுத்தது 158/90. சராசரி 161/91. மாடிப்படியும் தொங்கிய காலும் சேர்த்துக் கூட்டியது கழிந்துவிட்டது.

ஆனாலும் 161/91 நல்ல எண் இல்லை. வீட்டில் அளக்கும்போது சராசரி 135/85-க்குக் கீழே இருக்க வேண்டும். கிளினிக்கில் 140/90 என்று சொல்வதற்கு வீட்டில் சமமான கணக்கு இதுதான், ஏனென்றால் டாக்டர் முன்னால் பலருக்கு பிபி கொஞ்சம் ஏறும். இந்த அம்மா ஏழு நாள், காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை அளந்து எழுத வேண்டும். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதி ஆறு நாளுக்கும் சராசரி போட வேண்டும். அது 146/88 என்று வந்தால், அந்த நோட்டோடு அந்த வாரமே டாக்டரைப் பார்த்து மருந்தை மாற்றிக்கொள்ளலாம். 147-ஐ 145 என்று எழுதுவது, கூடுதலாக வந்ததை விட்டுவிடுவது, இதெல்லாம் டாக்டரைத் தப்பான மருந்துக்குக் கொண்டுபோகும்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய எண்கள்

மேல் எண் 180 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் எண் 120 அல்லது அதற்கு மேல். இரண்டில் ஒன்று வந்தாலே போதும். கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் பலம் குறைவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, பார்வை மங்குவது, தாங்க முடியாத தலைவலி, குழப்பமாகப் பேசுவது, வலிப்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இலங்கையில் 1990.

அதே எண், ஆனால் தொந்தரவு எதுவும் இல்லை என்றால் ஓய்வெடுத்து இரண்டு முறை அளங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், நாளைக்குத் தள்ளக்கூடாது. நடுவில் சொந்த யோசனையில் இரண்டாவது மாத்திரை போடாதீர்கள். பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று பிபி மாத்திரையை நாக்குக்கடியில் வைக்கவும் கூடாது. பிபி திடீரென்று சரிந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் போய், ஆபத்தை நாமே வரவழைத்துக்கொள்வோம். அன்றைய மாத்திரையை மறந்திருந்தால், அதைப் போடலாமா என்று டாக்டரிடம் போனில் கேட்டுவிடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு 140/90 வந்தாலே அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். 160/110 என்றால், தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே கிளம்ப வேண்டும். தலைவலி, கண் முன் பூச்சி பறப்பது, மேல் வயிற்று வலி, முகம் திடீரென்று வீங்குவது இருந்தால் எண் குறைவாக இருந்தாலும் போய்க் காட்டுங்கள். பிரசவம் முடிந்து ஆறு வாரம் வரைக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். குழந்தை பிறந்துவிட்டது, இனி பிபி வராது என்று பலர் மெஷினை எடுத்து வைத்துவிடுவது இந்த நேரத்தில்தான்.

குறைவான பக்கத்தில், 90/60-க்குக் கீழே வந்து ஆள் வழக்கம்போல இருந்தால், அதுவும் மெலிந்த இளைஞர்களுக்கு, அது அவர்களுடைய இயல்பாகவே இருக்கலாம். கூடவே மயக்கம், குளிர்ந்த வியர்வை, குழப்பம், கடும் காய்ச்சல், கறுப்பாக மலம் போவது இருந்தால் அவசரம். டெங்குக் காய்ச்சலில் காய்ச்சல் விட்ட பிறகு கை கால் ஜில்லிட்டு, மேல் எண்ணும் கீழ் எண்ணும் நெருங்கி, அதாவது இடைவெளி 20 அல்லது அதற்கும் குறைவாக வந்தால், எண் 100/80 என்று பார்க்க நன்றாக இருந்தாலும் உடனே அட்மிட் ஆக வேண்டிய நிலை அது.

எழுந்தால் தலை சுற்றுகிறது என்பவர்களுக்கு உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொரு முறை அளங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருந்தின் அளவை டாக்டர் திருத்த வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று: வாய் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, நெஞ்சை அழுத்துவது போல வலித்தாலோ மெஷினைத் தேடவே வேண்டாம். மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் பிபி 130/80 என்றுகூட இருக்கலாம். பக்கவாதத்தில், அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் சி.டி. ஸ்கேன் வசதி இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். ஆள் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு, சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். அங்கே முதலில் கேட்பவற்றில் இந்த இரண்டும் இருக்கும்.