போனவர் வேலையும் நம் தலையில் என்றால்

மார்த்தாண்டத்தில் ஒரு முந்திரி ஏற்றுமதி நிறுவனத்தில் நான் பில் போடுகிறவன். மாதம் 18,000. கணக்குப் பார்த்த அண்ணன் 24,000 சம்பளத்தில் இருந்து விலகினார். "ஆள் கிடைக்கிற வரைக்கும் பாத்துக்கோ தம்பி" என்றார் முதலாளி. ஆள் வரவே இல்லை, என் பதவியும் மாறவில்லை.

"வேலை அதிகம் சார்" என்று போய் நின்றால் "எல்லாருக்கும்தான்" என்பார்கள். அதனால் அண்ணன் வேலையில் நான் முடித்ததை மூன்று மாதம் ஒரு நோட்டில் தேதியோடு எழுதினேன்: 11-ஆம் தேதிக்குள் விற்பனைக்கான ஜிஎஸ்டி கணக்கு ஜிஎஸ்டிஆர்-1, 15-க்குள் பி.எஃப், 20-க்குள் வரி கட்டும் கணக்கு ஜிஎஸ்டிஆர்-3பி. ஒன்றுக்கும் தாமதக் கட்டணம் இல்லை.

மூன்றாம் மாத 3பி முடிந்த மறுநாளே கேட்டேன். அவசர நாளில் கேட்டால் மிரட்டல் மாதிரி தெரியும். "அண்ணன் சம்பளம் 24,000 மிச்சம். அவர் வேலையில் பாதிக்கு மேல் நான் செய்கிறேன். 8,000 கூட்டித் தாருங்கள்" என்றேன். 6,000-க்கு இறங்கினார், அதுவும் "தீபாவளிக்கு அப்புறம்."

சரி என்று வந்துவிடாதீர்கள். அன்று மாலையே, "நவம்பர் சம்பளம் முதல் 6,000 கூடுதல் என்று பேசினோம்" என மெயில் போட்டேன். மறுப்பு வரவில்லை, நவம்பரில் பணம் வந்தது. பதவிப் பெயர்தான் இன்னும் பில்லிங்.