ஆட்டுக்கொல்லி நோய்: புது ஆடு பட்டிக்கு வரும்போது என்ன செய்வது?

வைத்தியர்கள் பி.பி.ஆர். என்று சொல்லும் ஆட்டுக்கொல்லி ஒரு வைரஸ் நோய். வெள்ளாடு, செம்மறி இரண்டுக்கும் வரும், மனிதருக்கு வராது. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது 1987இல், தமிழ்நாட்டின் அரசூரில். ஆட்டின் உடம்புக்கு வெளியே இந்த வைரஸ் அதிக நேரம் தாக்குப்பிடிக்காது. அதனால் பட்டிக்குள் அது நுழைவது பெரும்பாலும் நாமே கயிற்றில் பிடித்துக்கொண்டு வரும் புது ஆட்டோடுதான்.

முதல் வேலை: தனியாகக் கட்டுங்கள்

தம்பலகாமத்தில் பன்னிரண்டு ஆடு வைத்திருக்கும் ஒருவர், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் கிண்ணியாப் பக்கம் இரண்டு கிடாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கும்போது இரண்டும் துள்ளிக்கொண்டுதான் நிற்கும். தொற்று உடம்புக்குள் போய் நோய் வெளியே தெரிய வழக்கமாக நான்கு முதல் ஆறு நாள் ஆகும், சிலவேளை இரண்டு வாரமும் எடுக்கும். அதனால் மூன்று வாரம் வேறு கொட்டிலில் கட்ட வேண்டும். வேலியின் மறுபக்கம் கட்டுவது போதாது. மூக்கோடு மூக்கு உரசினாலும், பக்கத்தில் நின்று இருமினாலும் தொற்றும். தண்ணீர் வாளியும் தீவனத் தொட்டியும் வேறாக இருக்கட்டும். பழைய ஆடுகளைப் பார்த்து முடித்த பிறகுதான் புதியவற்றிடம் போங்கள். திரும்பும்போது கையையும் செருப்பையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இந்த வைரஸுக்கு மேலே ஒரு கொழுப்புறை உண்டு, சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும்.

காலையில் காய்ச்சல் பாருங்கள்

வெப்பமானியில் கொஞ்சம் எண்ணெய் தடவி, ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். சுகமான ஆட்டுக்கு 39 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். திருகோணமலை மத்தியான வெயிலில் நின்ற ஆட்டுக்குச் சும்மாவே கூடுதலாகக் காட்டும், ஆகவே விடியற்காலைதான் சரியான நேரம். 40ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். இந்த நோயில் 41 வரை போகும்.

நம்முடைய கிடாய்களில் ஒன்றுக்கு ஐந்தாம் நாள் 41 பாகை. தீனை முகர்ந்துவிட்டு விலகி நிற்கிறது, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடிகிறது. ஏழாம் நாளளவில் அந்தத் தண்ணீர் மஞ்சள் சளியாகக் கெட்டிப்பட்டு மூக்குத் துவாரத்தை அடைக்கிறது; கண் இமைகள் ஒட்டிக்கொள்கின்றன. இப்போது வாயைத் திறந்து பாருங்கள். ஈறிலும் நாக்கிலும் தவிட்டைத் தூவியதுபோல வெண்மையான படலம், அதன் அடியில் சிவந்த புண், கூடவே கெட்ட நாற்றம். அடுத்து தண்ணீராகக் கழிச்சல், இருமல், மூச்சிரைப்பு. சினையாடாக இருந்தால் கரு கலையலாம்.

வெறும் சளிக்காய்ச்சலென்று பலரும் ஏமாறுவது இங்கேதான். நுரையீரல் பாக்டீரியாக்களும் இந்த நேரம் பார்த்து உள்ளே புகுவதால், பாக்டீரியாவுக்கான ஊசி போட்டதும் ஓரிரு நாள் தேறுவதுபோல் தெரியும். வாய்ப்புண்ணும் கழிச்சலும் சேர்ந்து இருந்தால் சளி என்று முடிவு கட்டாதீர்கள்.

அப்புறம் உடனே அறிவியுங்கள்

அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மாதிரி எடுத்துப் பரிசோதித்தால்தான் நோய் உறுதியாகும். வைரஸுக்கென்று மருந்து இல்லை. நீரிழப்புக்கும் பாக்டீரியாவுக்கும் செய்யும் வைத்தியம்தான் கைகொடுக்கும். பரிசோதனை முடிவு வரும்வரை எந்த ஆட்டையும் விற்கவோ, பொது மேய்ச்சலுக்கு விடவோ வேண்டாம். நட்டத்தைக் குறைக்க அவசரமாக விற்பவரிடமிருந்துதான் நோய் அடுத்த ஊருக்குப் போகிறது. செத்த ஆட்டை ஆழமாகப் புதைத்து, மேலே சுண்ணாம்பு போடுங்கள்.

தடுப்பூசி

உங்கள் பகுதியில் இந்த ஊசி போடப்படுகிறதா என்பதை அதே அலுவலகத்தில் கேளுங்கள். வெளியே யாரோ கொண்டுவந்து தரும் குப்பியை வாங்காதீர்கள். ஊசி போட்ட ஆட்டின் இரத்தமும் நோய் வந்து தேறிய ஆட்டின் இரத்தமும் வழக்கமான பரிசோதனையில் ஒன்றுபோலவே காட்டும். கண்டபடி போட்டால் நோய் எங்கே இருக்கிறதென்று அதிகாரிகளால் கண்டுபிடிக்க முடியாது.

இந்தத் தடுப்பூசியில் இருப்பது வலுக்குறைத்த உயிர் வைரஸ். சூடு பட்டால் செத்துவிடும். குப்பியில் உலர்ந்த கட்டியாக இருக்கும் மருந்தை அதற்குரிய குளிர்ந்த கரைசலில் கலந்து, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆடுகளை முன்கூட்டியே நிழலில் அடைத்து வையுங்கள். வைத்தியர் வந்த பிறகு துரத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் மருந்துதான் வீணாகும். சிரிஞ்சை ஸ்பிரிட்டால் கழுவினாலும் வைரஸ் செத்துவிடும். அளவு ஓர் ஆட்டுக்கு 1 மில்லிலீட்டர், தோலுக்கு அடியில்.

பாதுகாப்பு வர ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். ஏற்கெனவே தொற்றிய ஆட்டை இது காப்பாற்றாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியை மழுங்கடிக்கும் என்பதால், குட்டிகளுக்கு மூன்று, நான்கு மாதம் கடந்தபிறகே போடுவார்கள். ஒருமுறை போட்டால் குறைந்தது மூன்று வருடம் தாங்கும். ஆனால் அந்த மூன்று வருடத்தில் பிறக்கும் குட்டிகளுக்கு அது உதவாது. அவற்றை ஒரு கொப்பியில் தனியாகக் குறித்து, வயது வந்ததும் ஊசிக்குக் கொண்டுபோக வேண்டும்.